நாட்காட்டியா, கணக்கேடா? குறிப்பு, சலுகை, கதை விகிதத்தைக் காக்க மூன்று வழிகள்

வீட்டுக்குள் வளர்க்கும் செடிகளைப் பற்றி ஒரு சமூக ஊடகப் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செடியும் தொட்டியும் விற்கிறார்கள். கூடவே வளர்ப்பு முறையும் சொல்லித் தருகிறார்கள். வாரத்துக்கு 5 பதிவு. முன்கூட்டியே எழுதிக் கிடங்கில் வைத்த பதிவுகள் 120. அதில் குறிப்பு 84, சலுகை 24, வாடிக்கையாளர் கதை 12. அவர்கள் விரும்பும் விகிதம், பத்துப் பதிவில் 5 குறிப்பு, 3 கதை, 2 சலுகை.

இந்த விகிதம் எங்கிருந்து வந்தது என்று இங்கே விவாதிக்கப் போவதில்லை. 80-20 என்பார்கள், மூன்றில் ஒன்று என்பார்கள். எல்லாம் அனுபவக் கணிப்பு. விகிதம் முடிவான பிறகு அதை யார் காப்பது என்பதுதான் இங்கே கேள்வி. கைவசம் மூன்று வழிகள் உண்டு. எல்லாப் பதிவையும் ஒரே வரிசையில் கலந்து விடலாம். வாரத்தின் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு வகையைப் பூட்டி வைக்கலாம். அல்லது இதுவரை வெளியானதை எண்ணி, எது குறைகிறதோ அதை அடுத்து அனுப்பலாம். ஒவ்வொரு பதிவும் எந்த வகை என்று குறித்து வைக்கும் டேக்கை நம்பித்தான் மூன்றுமே ஓடுகின்றன. டேக் தவறினால் மூன்றும் ஒரே மாதிரி தவறும். அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

டேக் இரண்டு அடுக்கு

பலரும் கிடங்குத் தாளின் ஒரே கட்டத்தில் "குறிப்பு, தொட்டி, வெயில், தள்ளுபடி, புதியவர்களுக்கு" என்று அடுக்கிவிடுகிறார்கள். தேடுவதற்கு இது போதும். விகிதம் பார்க்க உதவாது. ஒரே பதிவு குறிப்பிலும் எண்ணப்படும், சலுகையிலும் எண்ணப்படும். கூட்டினால் நூறு விழுக்காட்டைத் தாண்டும். ஆகவே இரண்டு தனிப் பத்திகள் வேண்டும். ஒன்று வகை: குறிப்பு, கதை, சலுகை என்ற மூன்றில் ஒன்றே ஒன்று, வெறுமையாக விடக்கூடாது. மற்றொன்று பொருள்: நீர், ஒளி, மண், தொட்டி, பூச்சி என எத்தனை வேண்டுமானாலும். விகிதத்தை வகை காக்கும். தொடர்ந்து நான்கு நாள் பூச்சியைப் பற்றியே பேசாமல் பொருள் காக்கும்.

சிக்கல் வருவது கலப்புப் பதிவில். ஒருவர் வீட்டில் இலை மஞ்சளாகி வாடிக் கிடந்த செடியை, அடியில் துளையுள்ள தொட்டிக்கு மாற்றி மீட்டெடுத்த கதை. உருக்கமாகப் போகிறது. கடைசி வரியில், "அதே தொட்டி இந்த வாரம் தள்ளுபடியில்." எழுதியவர் இதைக் கதை என்றே டேக் செய்வார், ஏனென்றால் கதையாகத்தான் எழுதினார். படிப்பவருக்கு அது விளம்பரம். பத்துப் பதிவில் உள்ள மூன்று கதைகளில் இரண்டு இப்படி முடிந்தால், தாளில் 2 சலுகை என்று இருக்கும், வாசகர் 4 சலுகை பார்த்திருப்பார். விகிதம் கெட்டதே தெரியாமல் கெடுவது பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான்.

எனவே டேக் செய்யும்போது பார்க்க வேண்டியது பதிவின் நடையை அல்ல, படித்து முடித்தவரிடம் அது கேட்பதை. வாங்கு, முன்பதிவு செய், இந்தத் தேதிக்குள் வா என்று எங்காவது ஒரு வரி இருந்தால் அது சலுகை, மேற்கொண்டு பேச்சில்லை. அப்படி எதுவும் இல்லாவிட்டால், அதில் வரும் ஆளை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ஆள் இல்லாமலும் செய்முறை நிற்கிறது என்றால் குறிப்பு. ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் கதை.

இந்த வரையறை வேலை செய்கிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. கிடங்கிலிருந்து முப்பது பதிவை எடுத்து, இருவர் ஒருவரையொருவர் பார்க்காமல் டேக் செய்யட்டும். இரண்டு பட்டியலும் ஒத்துப்போகாத இடங்களை மட்டும் உட்கார்ந்து பேச வேண்டும். யார் சொன்னது சரி என்று பார்ப்பதைவிட, வரையறையில் எந்த வரி குழப்பியது என்று பார்ப்பதே பயன். நான்கைந்து பதிவுக்கு மேல் முரண்பட்டால், மீதித் தொண்ணூறையும் டேக் செய்யக் கிளம்ப வேண்டாம்.

தட்டச்சுத் தொல்லை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழில் "தொட்டி" என்று எழுதும்போது அந்த "தொ"வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியீடாகவும் (U+0BCA), ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் (U+0BC6, U+0BBE). திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சில மென்பொருள்கள் இரண்டையும் வேறு வேறு சொல்லாக எண்ணிவிடும். சொல்லின் கடைசியில் தெரியாமல் விழும் ஓர் இடைவெளியும் அதே வேலையைச் செய்யும். அதனால் டேக்கை யாரும் கையால் அடிக்க வேண்டாம். எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ கீழிறங்கு பட்டியல் வைத்து, அதிலிருந்தே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஒரே வரிசை

எல்லாவற்றையும் கலந்து, குலுக்கி, ஒன்றன் பின் ஒன்றாக அனுப்புவது முதல் வழி. அமைக்க ஐந்து நிமிடம் போதும். குறை ஒன்றுதான், ஆனால் அதுவே போதும்: வெளியாகும் விகிதம் திட்டத்தின் விகிதமாக இருக்காது, கிடங்கின் விகிதமாக இருக்கும். 120ல் 12 தான் கதை என்பதால், பத்துப் பதிவுக்குச் சராசரியாக ஒரு கதை வரும், கேட்டது மூன்று. குறிப்பு எழுதுவது எளிது, கதை திரட்டுவது கடினம். வாடிக்கையாளரிடம் பேச வேண்டும், படம் கேட்க வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். ஆகவே எந்தக் கிடங்கிலும் குறிப்பு குவிந்திருக்கும், கதை வற்றியிருக்கும். குலுக்கல் அந்தச் சாய்வை அப்படியே வெளியே கொண்டுவந்து காட்டும். கிடங்கின் விகிதமும் திட்டத்தின் விகிதமும் தற்செயலாக ஒன்றாக இருந்தால் மட்டும் இந்த வழி சரிப்படும். இதற்கு மேல் இதைப் பேச ஒன்றுமில்லை.

நேரத்துக்கு நேரம் பூட்டிய வகை

இரண்டாவது வழிதான் பரவலாக இருப்பது. திங்கள் குறிப்பு, செவ்வாய் கதை, வெள்ளி சலுகை என்று ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு வகை. மீட்எட்கர், சோஷியல்பீ போன்ற கருவிகள் இந்த எண்ணத்தின் மேல்தான் கட்டப்பட்டவை: பதிவுகளை வகைவாரியாகப் பிரித்து வைத்தால், அந்தந்த நேரம் வரும்போது அந்தந்த வகையிலிருந்து ஒன்றைக் கருவியே எடுத்துக்கொள்ளும். கிடங்கில் எது எவ்வளவு இருந்தாலும் விகிதம் நேரப் பட்டியலிலிருந்து வருவதால், முதல் வழியின் நோய் இங்கே இல்லை. பார்த்தவுடன் புரியும். ஒருவர் விடுப்பில் போனாலும் இன்னொருவர் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் தெளிவை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் நம் கணக்கை அதில் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 5 பதிவு; வேண்டியது 50, 30, 20 விழுக்காடு. வாரத்துக்கு இரண்டரைக் குறிப்பு, ஒன்றரைக் கதை, ஒரு சலுகை. அரைப் பதிவு என்று ஒன்று கிடையாது. வாரச் சுழற்சி மட்டும் இருந்தால் 3-1-1 என்று வைத்து 60-20-20 ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் 2-2-1 என்று வைத்து 40-40-20 ஆக்க வேண்டும். இரண்டு வாரச் சுழற்சிக்கு வழியிருக்கும் கருவியில் சரியாக வரும். இல்லையென்றால் ஒற்றை வாரம், இரட்டை வாரம் என்று கையால் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். கருவி வாங்கும் முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது, விடுபடும் நாள். சலுகை வெள்ளிக்கிழமை என்று வைத்திருக்கிறார்கள். அந்த வார இறுதிக்குச் சலுகை எதுவும் இல்லை, அல்லது கிடங்கில் உள்ளவை எல்லாம் தேதி முடிந்தவை. அப்போது கருவி என்ன செய்யும்? காலாவதித் தேதி கொடுத்திருந்தால் அந்த நேரம் வெறுமையாகப் போகலாம். கொடுக்காவிட்டால் முடிந்துபோன தள்ளுபடியை மறுபடி அறிவிக்கும். கேட்டு வருபவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது. விடுமுறை பெரும்பாலும் ஒரே கிழமையில் விழும் இடங்களில், தவறும் நாளெல்லாம் ஒரே வகையின் தலையில் விழும். தவறியது தவறியதுதான். அடுத்த வாரத்துக்கு நேரப் பட்டியல் எதையும் ஈடுசெய்யாது. அதற்கு நினைவு என்பதே இல்லை.

நினைவின்மையின் பெரிய விளைவு இடைச்செருகல்களில் தெரியும். செடிப் பக்கம் புதிய வகைத் தொட்டிகளை அறிமுகப்படுத்துகிறது. அதற்காக ஒரே வாரத்தில் 5 கூடுதல் பதிவு போடுகிறார்கள், ஐந்தும் சலுகை. நேரப் பட்டியல் தன் பாட்டுக்கு ஓடுகிறது. இரண்டு வாரத்தில் வழக்கமான 10 பதிவு, அவற்றில் 2 சலுகை. கூடுதல் ஐந்தையும் சேர்த்தால் 15 பதிவில் 7 சலுகை. கிட்டத்தட்ட பாதி. மூன்றாவது வாரம் பட்டியல் ஒன்றும் நடக்காததுபோல வெள்ளிக்கிழமை இன்னொரு சலுகையை அனுப்பும். கருவிக்குள் போய்ப் பார்த்தால் விகிதம் 50-30-20 என்றுதான் காட்டும், ஏனென்றால் வரிசைக்கு வெளியே கையால் போட்டவை அதன் பார்வையில் இல்லை.

கணக்கேடு

மூன்றாவது வழியில் நாட்காட்டி நேரத்தை மட்டும் சொல்லும். வகையைக் கணக்கேடு சொல்லும். வெளியான ஒவ்வொரு பதிவையும், வரிசையிலிருந்து போனாலும் கையால் போட்டாலும், ஒரு தாளில் ஒரு வரியாக எழுத வேண்டும்: தேதி ஒரு பத்தி, வகை ஒரு பத்தி. பிறகு ஒவ்வொரு வகைக்கும் பற்றாக்குறை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். அடுத்த பதிவையும் சேர்த்து மொத்தம் எத்தனை ஆகும், அதில் இந்த வகைக்குரிய பங்கு எவ்வளவு, இதுவரை வந்தது எத்தனை. பங்கிலிருந்து வந்ததைக் கழித்தால் பற்றாக்குறை. எது அதிகமோ அதுவே அடுத்த வகை.

கூகுள் ஷீட்டில் வகை B பத்தியில் இருந்தால், மூன்று கட்டங்களில் இப்படி:

```
=0.5*(COUNTA(B2:B)+1)-COUNTIF(B2:B,"குறிப்பு")
=0.3*(COUNTA(B2:B)+1)-COUNTIF(B2:B,"கதை")
=0.2*(COUNTA(B2:B)+1)-COUNTIF(B2:B,"சலுகை")
```

வெறும் தாளில் தொடங்கினால் முதல் கணக்கு 0.5, 0.3, 0.2. குறிப்பு போகிறது. அடுத்து 0, 0.6, 0.4, கதை போகிறது. அதற்கடுத்து 0.5, -0.1, 0.6, சலுகை. இப்படியே பத்து வரை போனால் வரிசை இப்படி அமையும்: குறிப்பு, கதை, சலுகை, குறிப்பு, குறிப்பு, கதை, குறிப்பு, சலுகை, கதை, குறிப்பு. ஐந்தாவது இடத்தில் குறிப்பும் கதையும் சமமாக நிற்கும். சமம் வந்தால் பங்கு பெரியதற்கு முன்னுரிமை என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் போதும். பத்தில் 5, 3, 2 சரியாக வந்துவிட்டது. இரண்டு சலுகைக்கும் நடுவே நான்கு பதிவு இடைவெளியும் தானாகவே கிடைத்தது. இதை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. இணைய சர்வர்களுக்கு இடையே வேலையைப் பங்கிட எஞ்சின்எக்ஸ் மென்பொருள் பின்பற்றும் எடைவழிச் சுழற்சியும் இதே கணக்குதான்.

இந்த மூன்று எண்களையும் கூட்டினால் எப்போதும் 1 வர வேண்டும். இது தற்செயலாகக் கிடைத்த நல்ல காவல். யாரோ ஒருவர் "சலுகை" என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார் என்றால், அந்த வரி மொத்தத்தில் எண்ணப்படும், எந்த வகையிலும் எண்ணப்படாது. கூட்டல் 2 ஆகிவிடும். கூட்டலை ROUND மூலம் முழு எண்ணாக்கி நான்காவது கட்டத்தில் போட்டு, 1 இல்லாவிட்டால் சிவப்பாகும்படி வைத்தால் டேக் பிழை அன்றைக்கே பிடிபடும்.

இப்போது அதே அறிமுக வாரத்தைப் பார்ப்போம். முதல் 20 பதிவு சரியான விகிதத்தில் போயிருக்கிறது: 10, 6, 4. பிறகு 5 சலுகை. மொத்தம் 25, அதில் சலுகை 9. அடுத்த பதிவுக்குக் கணக்கு 3, 1.8, -3.8. சலுகை கடனில் நிற்கிறது. ஐந்தில் ஒரு பங்கு என்ற விகிதத்தில் 9 சலுகை நியாயமாக வேண்டுமென்றால் மொத்தம் 45 பதிவு ஆக வேண்டும். இன்னும் 20 பதிவு, அதாவது 4 வாரம், சலுகைக்கு முறை வராது. பட்டியல் மறந்ததைக் கணக்கேடு மறக்கவில்லை.

இங்கேதான் இந்த வழியின் முரட்டுத்தனமும் தெரியும். விற்பனையை நம்பி இருக்கும் பக்கத்துக்கு நான்கு வாரம் சலுகையே இல்லாமல் இருப்பது கட்டுப்படியாகாது. அதனால் கடனுக்கு ஓர் எல்லை வைக்கலாம்: இரண்டுக்கு மேல் எந்த வகையும் கடன்பட வேண்டாம், மீதியைத் தள்ளுபடி செய்துவிடலாம். தாளில் இதைச் செய்ய, சலுகைக் கணக்கில் தள்ளிய எண்ணைக் கூட்டி, அதே எண்ணை மற்ற இரண்டிலும் 5-க்கு 3 என்ற பங்கில் கழித்துவிட வேண்டும். அப்போது கூட்டல் 1 ஆகவே நிற்கும். வேறு சிலர் முழுக் கணக்கையும் விட்டுவிட்டுக் கடைசி இருபதை மட்டும் எண்ணச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. அந்த 5 சலுகையும் இருபதின் வாலிலிருந்து அடுத்தடுத்து வெளியே விழும்போது, அடுத்தடுத்து சலுகைப் பற்றாக்குறை உண்டாகி, பழைய கொத்து இன்னொரு முறை எதிரொலிக்கும். அதனால் முழுக் கணக்கே மேல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுத் தாள் தொடங்கிவிடுங்கள்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. கதை தீர்ந்துபோய் இரண்டு வாரம் ஒன்றுகூடப் போடவில்லை என்றால் கதைப் பற்றாக்குறை மூன்றாகும். புதிதாக நான்கு கதை கிடங்குக்கு வந்ததும் கணக்கேடு நான்கையும் கிட்டத்தட்ட தொடர்ச்சியாக அனுப்பச் சொல்லும். ஒரே வகை தொடர்ந்து இரண்டுக்கு மேல் கூடாது, சலுகை அடுத்தடுத்து ஒருபோதும் கூடாது என்று இரு வேலிகள் போட்டால் அடங்கும்.

இதில் உழைப்பு அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பதிவு போகும்போதெல்லாம் ஒரு வரி எழுத வேண்டும். வாரத்தின் தொடக்கத்தில் ஐந்து இடங்களுக்கும் வகை கணக்கிட்டு, கிடங்கிலிருந்து எடுத்து, ஷெட்யூல் செய்ய வேண்டும். ஐந்தையும் ஒரே மூச்சில் கணக்கிட, போகப்போவதாக ஐந்து வரியையும் முன்கூட்டியே எழுதிக்கொண்டே வரலாம். பிறகு ஏதாவது மாறினால் அந்த வரியைத் திருத்த மறக்கக் கூடாது. மறந்தால் கணக்கேடும் பட்டியலைப் போலப் பொய் சொல்லத் தொடங்கும்.

எந்த வழியாலும் தீராதது

கிடங்கு எத்தனை நாள் தாங்கும் என்பதை விகிதம்தான் தீர்மானிக்கிறது. இரண்டு வாரத்துக்கு 5 குறிப்பு என்றால் 84 குறிப்பு 33 வாரம் வரும். 24 சலுகை, தேதி முடியாமல் இருந்தால், 24 வாரம் வரும். 12 கதையோ 8 வாரத்தில் தீர்ந்துவிடும். ஒன்பதாவது வாரம் முதல், நேரப் பட்டியல் வைத்திருப்பவருக்குக் கருவி பழைய கதைகளையே திரும்ப அனுப்பும். கணக்கேடு வைத்திருப்பவருக்குப் பற்றாக்குறை ஏறிக்கொண்டே போகும். இரண்டாவது எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் அது கண்ணில் படுகிறது. திரும்ப அனுப்புவதிலும் தளத்தைப் பார்க்க வேண்டும். இப்போது எக்ஸ் என்று அழைக்கப்படும் ட்விட்டர், ஒரே வாசகத்தைத் தானியங்கியாகத் திரும்பத் திரும்பப் போடுவதற்கு எதிராக 2018இல் விதிகளை இறுக்கியது. கிடங்கில் "கடைசியாக வெளியான தேதி" என்றொரு பத்தி வைத்து, குறைந்தது மூன்று மாத இடைவெளியும் புது வாசகமும் இருந்தால்தான் மறுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கதைக்கு அதுவும் பொருந்தாது; மஞ்சள் இலைச் செடி இரண்டாம் முறை மீண்டால் வாசகர் சிரிப்பார்.

என் தேர்வு

பதிவுகள் அனைத்தும் வரிசையிலிருந்தே போகின்றன, திடீர் அறிவிப்பு அரிது, விகிதமும் வாரத்துக்குள் முழு எண்ணாகப் பிரிகிறது என்றால், நேரப் பட்டியலே போதும். கணக்கேட்டுக்காக யாரும் சிரமப்பட வேண்டாம். வாரம் 10 பதிவு போடும் பக்கத்துக்கு 5-3-2 அப்படியே உட்காரும். பலர் சேர்ந்து நடத்தும் பக்கத்துக்கும் பட்டியலின் தெளிவு கைகொடுக்கும்.

நம் செடிப் பக்கம் அப்படி இல்லை. வாரம் 5 பதிவு, அவ்வப்போது அறிமுகம், வற்றிய கதைக் கிடங்கு. இதற்குக் கணக்கேடுதான். கருவி ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள் என்றால் இரண்டையும் சேர்க்கலாம்: பட்டியலில் 3 குறிப்பு, 1 கதை என நான்கு நேரத்தை மட்டும் பூட்டி, ஐந்தாவதைத் திறந்து விட்டு, அந்த ஒன்றுக்கு மட்டும் கணக்கேட்டைக் கேட்பது. எல்லாம் வழக்கம்போல் போனால் அந்த ஐந்தாவது இடம் நான்கு வாரத்தில் மூன்று வாரம் சலுகைக்கும் ஒரு வாரம் கதைக்கும் போகும். குறிப்பு 60 விழுக்காட்டிலேயே நிற்கும், சலுகை 20ஐ எட்டாது. அது பிடிக்கவில்லை என்றால் மூன்றாவது குறிப்பு நேரத்தையும் திறந்துவிட வேண்டும்: 2 குறிப்பு, 1 கதை பூட்டியவை, 2 திறந்தவை. அப்போது 5-3-2 முழுதாகக் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு முடிவு எடுத்தால் போதும்.

கடைசியாக, கையால் போடும் அறிவிப்புகள். "இன்று விடுமுறை", "அனுப்புவதில் தாமதம்" போன்றவை மூன்று வகையிலும் சேராது. அவற்றை வகைப் பத்தியில் எழுதினால் கூட்டல் 1ஐத் தாண்டிச் சிவப்பாகும். ஆகவே தாளில் வேறு பத்தியில் குறித்துவிட்டு, B பத்தியை வெறுமையாக விடுங்கள். "புது வரவு" என்ற அறிவிப்புக்கு மட்டும் அந்த விலக்கு கிடையாது. விலையே சொல்லாவிட்டாலும் அது வாங்கச் சொல்கிறது. அது சலுகை.